கே-மீன்ஸ் முறையில் படத்தைப் பிரிப்பது: எத்தனை கொத்துகள், எங்கிருந்து தொடங்குவது?

ஒரு படத்தைக் கணினி எண்களாகத்தான் பார்க்கிறது. சாம்பல் நிறப் படம் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. வண்ணப் படம் என்றால் பிக்சலுக்கு மூன்று எண்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் பிக்சல்களை ஒரே கொத்தில் சேர்த்து, படத்தைச் சில பகுதிகளாகப் பிரிக்கும் எளிய வழிகளில் ஒன்று கே-மீன்ஸ். ஸ்டூவர்ட் லாய்ட் 1957இல் பெல் ஆய்வகத்தில் எழுதி, 1982இல்தான் அச்சில் வெளியிட்ட வழிமுறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்.

k என்பது நமக்கு வேண்டிய கொத்துகளின் எண்ணிக்கை. முதலில் k மையங்களை எப்படியாவது தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் வேலை இரண்டே படிகளில் நடக்கிறது. முதல் படியில் ஒவ்வொரு பிக்சலையும் தனக்கு மிக அருகில் உள்ள மையத்தோடு சேர்க்க வேண்டும். இரண்டாவது படியில், சேர்ந்த பிக்சல்களின் சராசரியே அந்தக் கொத்தின் புதிய மையம். மையங்கள் நகர்ந்துவிட்டதால் சில பிக்சல்கள் கொத்து மாறும். மாறினால் சராசரியும் மாறும். எந்தப் பிக்சலும் இடம் மாறாத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

இந்த முறை குறைக்கப் பார்ப்பது ஒரே ஓர் அளவைத்தான். ஒவ்வொரு பிக்சலும் தன் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண். இதை இந்தக் கட்டுரையில் மொத்தப் பிழை என்று சொல்கிறேன். மேற்சொன்ன இரண்டு படிகளில் எதைச் செய்தாலும் மொத்தப் பிழை குறையும், அல்லது அப்படியே இருக்கும், கூடவே கூடாது. அதனால் வழிமுறை கட்டாயம் ஓரிடத்தில் நின்றுவிடும். ஆனால் நின்ற இடம் நல்ல இடம்தானா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். k எவ்வளவு, தொடக்க மையங்கள் எவை என்ற இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தொடக்கம் சரியில்லாவிட்டால் k பற்றிய முடிவும் சேர்ந்தே தப்பாகிவிடும். ஒரு சின்னக் கணக்கில் இதைப் பார்த்துவிடலாம்.

ஒன்பது பிக்சல்கள்

ஒன்பது பிக்சல்கள் மட்டும் உள்ள ஒரு சாம்பல் நிறப் படம் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையில் 10, 12, 14. நடு வரிசையில் 100, 104, 108. கீழ் வரிசையில் 200, 204, 208. இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று பகுதிகள் இருப்பது பார்த்தவுடனே தெரிகிறது. k = 3 என்று கொடுத்தால் கே-மீன்ஸ் இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடக்க மையங்களாக முதல் மூன்று பிக்சல்களையே எடுத்துக்கொள்வோம்: 10, 12, 14. நிரல் எழுதும்போது இப்படி எடுப்பது சுலபம், அதனால் பலரும் செய்கிறார்கள். முதல் சுற்றில் 10 தன்னோடும், 12 தன்னோடும் சேரும். 14க்கும், அதைவிடப் பெரிய ஆறு எண்களுக்கும் அருகில் உள்ள மையம் 14தான். ஆகவே மூன்றாம் கொத்தில் ஏழு பிக்சல்கள். அவற்றின் சராசரி 134. அடுத்த சுற்றில் 14க்கு 134 தூரமாகிவிட்டது, 12 பக்கத்தில் இருக்கிறது, அதனால் 14 இரண்டாம் கொத்துக்கு மாறுகிறது. இப்போது மையங்கள் 10, 13, 154. மூன்றாவது சுற்றில் 100ஐ எடுத்துப் பாருங்கள். 13இலிருந்து அதன் தூரம் 87, 154இலிருந்து 54. அது நகராது. 12ம் நகராது, ஏனென்றால் 13க்கு ஒன்று, 10க்கு இரண்டு. வேறெந்தப் பிக்சலும் நகராது. வழிமுறை முடிந்துவிட்டது.

கிடைத்த விடை என்ன? இருட்டுப் பகுதி இரண்டாக உடைந்திருக்கிறது. நடுத்தரமும் வெளிச்சமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொத்தப் பிழை 15,066. சரியான பிரிவினையில் மையங்கள் 12, 104, 204 ஆக இருந்திருக்கும். மொத்தப் பிழை வெறும் 72. எந்தப் பிழைச் செய்தியும் வராமல், ஒழுங்காக முடிந்துவிட்ட ஒரு ஓட்டத்தில் 72 வர வேண்டிய இடத்தில் 15,066 வந்திருக்கிறது. சுற்றுகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. ஆயிரம் சுற்று ஓட்டினாலும் இதே விடைதான். இதை இடஞ்சார்ந்த சிறுமம் என்பார்கள்: அக்கம்பக்கத்தில் இதைவிட நல்லது இல்லை, ஆனால் தொலைவில் இருக்கிறது.

மோசமான எல்லாத் தொடக்கமும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10, 12, 200 என்று தொடங்கிப் பாருங்கள். இரண்டு மையங்கள் இருட்டில்தான் இருக்கின்றன, ஆனாலும் இரண்டு சுற்றுகளிலேயே 12, 104, 204க்கு வந்துவிடும். காரணம், முதல் சுற்றில் 100ம் 104ம் 12இன் பக்கம் சாய்ந்து அந்த மையத்தைப் பிடித்து நடுவுக்கு இழுத்துவிடுகின்றன. ஒரு முறை ஓட்டிச் சரியாக வந்தது என்பதை வைத்து நம் தொடக்கம் நம்பகமானது என்று முடிவு கட்ட முடியாது.

தூரத்தைப் பார்த்துத் தொடங்குவது

அப்படியானால் ஏதாவது மூன்று பிக்சல்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கலாமா? ஒன்பதிலிருந்து மூன்றை 84 விதமாக எடுக்கலாம். பகுதிக்கு ஒன்றாக அமைவது அவற்றில் 27 மட்டுமே, அதாவது 32 சதவீதம். சமமான மூன்று பகுதிகளிலேயே இப்படி. நிஜப் படத்தில் பின்னணி மட்டுமே 90 சதவீதம் இருக்கும்போது, குலுக்கலில் விழும் மையங்கள் பெரும்பாலும் பின்னணியிலேயே விழும்.

டேவிட் ஆர்தரும் செர்கேய் வாசில்விட்ஸ்கியும் 2007இல் முன்வைத்த வழி, கே-மீன்ஸ் பிளஸ் பிளஸ், இதைத் திருத்துகிறது. முதல் மையத்தைக் குலுக்கி எடுங்கள். அடுத்த மையத்தையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே உள்ள மையங்களிலிருந்து தூரமாக இருக்கும் பிக்சலுக்கு அதிக வாய்ப்பு தர வேண்டும். எவ்வளவு அதிகம்? மிக அருகில் உள்ள மையத்துக்கான தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப.

நம் ஒன்பது பிக்சலில் முதல் மையமாக 12 விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10க்கும் 14க்கும் தூர வர்க்கம் தலா 4. நடு வரிசை மூன்றுக்கும் சேர்த்து 25,424. கீழ் வரிசைக்கு 1,10,624. ஆக இரண்டாவது மையம் வெளிச்சத்தில் விழ 81 சதவீதமும், நடுவில் விழ ஏறக்குறைய 19 சதவீதமும் வாய்ப்பு. மறுபடி இருட்டிலேயே விழ, பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 204 விழுந்தது என்று கொள்வோம். இப்போது மிச்சமிருக்கும் தூர வர்க்கத்தில் நடு வரிசையின் பங்கு 25,424, மற்றவை எல்லாம் சேர்ந்து 40. மூன்றாவது மையம் நடு வரிசையில் விழுவது 99.8 சதவீதம் உறுதி. குலுக்கலில் 32 சதவீதமாக இருந்த வாய்ப்பு எங்கே போய்விட்டது பாருங்கள்.

அப்படியென்றால், எப்போதும் ஆகத் தூரமான பிக்சலையே எடுத்துவிட்டால் என்ன, குலுக்கல் எதற்கு என்று தோன்றலாம். நிஜப் படத்தில் ஆகத் தூரமானது பெரும்பாலும் கேமரா சென்சாரின் கெட்டுப்போன பிக்சலாகவோ, ஒரு பளிச்சென்ற பிரதிபலிப்புப் புள்ளியாகவோ இருக்கும். வாய்ப்பு முறையில் அந்த ஒற்றைப் பிக்சலுக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் ஓரளவு தூரத்தில் கூட்டமாக இருக்கும் ஆயிரம் பிக்சல்கள் சேர்ந்து அதை முந்திவிடும்.

இத்தனைக்குப் பிறகும் இது வாய்ப்புதான். ஆகவே பத்து முறை வெவ்வேறு தொடக்கங்களில் ஓட்டி, மொத்தப் பிழை மிகக் குறைவாக வந்ததை வைத்துக்கொள்வதே வழக்கம். அந்தப் பத்து எண்களையும் ஒரு தடவை அச்சிட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவேன். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே எண் என்றால், தொடக்கம் எதுவானாலும் வழிமுறை ஏறக்குறைய ஒரே தரமான விடைக்கே வருகிறது. சிலது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சிதறினால் வழிமுறை பல இடங்களில் மாட்டிக்கொள்கிறது, இன்னும் அதிக முறை ஓட்ட வேண்டும்.

சாம்பல் நிறப் படத்துக்கு மட்டும் இதைவிட நிம்மதியான வழி ஒன்று இருக்கிறது. படத்தில் பத்து லட்சம் பிக்சல்கள் இருந்தாலும் மதிப்புகள் 256தான். எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற ஹிஸ்டோகிராமே போதும், பிக்சல்கள் வேண்டாம். ஒரே எண் வரிசை என்பதால் கொத்துகள் அடுத்தடுத்த துண்டுகளாகத்தான் அமையும். k = 2க்கு 255 வெட்டுகளையும், k = 3க்கு 32,385 வெட்டு ஜோடிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் மிகச் சிறந்த விடை நிச்சயமாகக் கிடைத்துவிடும். k = 2க்கு இப்படிக் கிடைப்பது, நொபுயுகி ஓட்சு 1979இல் தந்த வாசல் மதிப்பேதான்; இரண்டும் குறைப்பது ஒரே அளவை. வண்ணப் படத்தில் மூன்று அச்சுகள் இருப்பதால் இந்த வசதி கிடையாது, அங்கே தொடக்கத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

k எவ்வளவு?

மொத்தப் பிழையை வைத்தே k-யைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் கொத்துகள் கூடக் கூட மொத்தப் பிழை குறைந்துகொண்டேதான் போகும். பிக்சலுக்கு ஒரு கொத்து கொடுத்தால் பூஜ்யமே வந்துவிடும். எனவே எவ்வளவு குறைவு என்பதல்ல, எந்த k-க்குப் பிறகு குறைவது அற்பமாகிவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஒன்பது பிக்சலில் k = 1க்கு 55,400. k = 2க்கு 12,768. k = 3க்கு 72. k = 4க்கு 48. இதைக் கோடாக வரைந்தால் 3இல் முழங்கை போல மடங்குகிறது. அதனால்தான் இதற்கு முழங்கை முறை என்று பெயர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தொடக்கம் தவறியபோது k = 3க்கு நமக்கு வந்தது 15,066. k = 2க்கான 12,768ஐ விட அதிகம்! அந்தக் கோட்டை வரைந்தவர் 2இல் மடங்குகிறது என்று நினைத்து, இந்தப் படத்தில் இரண்டு பகுதிகள்தான் என்று முடிவெடுத்திருப்பார். கோளாறு k-யில் இல்லை, தொடக்க மையங்களில் இருந்தது. சிறந்த விடைகளை மட்டும் எடுத்தால் k கூடும்போது மொத்தப் பிழை ஒருபோதும் கூடாது. ஆகவே உங்கள் கோடு எங்காவது மேலே ஏறினால், அந்த k-யில் தொடக்கம் தவறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முழங்கையை அப்புறம் தேடலாம்.

பைத்தானில், ஓபன்சிவி நூலகத்தை வைத்து இந்தக் கோட்டுக்கான எண்களை இப்படி எடுக்கலாம்:

```python
import cv2
import numpy as np

img = cv2.imread("leaf.png")
lab = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2LAB)
data = lab.reshape(-1, 3).astype(np.float32)
crit = (cv2.TERM_CRITERIA_EPS + cv2.TERM_CRITERIA_MAX_ITER, 50, 0.5)

for k in range(2, 8):
    err, labels, centers = cv2.kmeans(
        data, k, None, crit, 10, cv2.KMEANS_PP_CENTERS)
    print(k, round(err / len(data), 1))
```

இதில் `10` என்பது எத்தனை தொடக்கங்கள் என்பது; பத்தில் சிறந்ததையே அது திருப்பித் தரும். `float32` ஆக மாற்ற மறந்தால் நிரல் நின்றுவிடும்.

நிஜப் படங்களில் முழங்கை அவ்வளவு கூர்மையாக வராது. நிழல், வெளிச்சச் சரிவு, இரைச்சல் எல்லாம் சேர்ந்து கோட்டை வழுவழுப்பாக்கிவிடும். 3ஆ 5ஆ என்று தெரியாது. அப்போது எண்ணைவிடப் படத்தையே பார்ப்பது நல்லது. k-யை ஒன்று கூட்டியதும் புதிதாக வந்த கொத்தை மட்டும் வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் காட்டுங்கள். அது ஒரு பொருளின் வடிவத்தில் இருந்தால் அந்தக் கொத்து தேவையானது. மென்மையாக வெளிச்சம் மாறும் ஒரு பரப்பின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால், ஒரே பரப்பை வெட்டிக்கொண்டிருக்கிறோம். படமெங்கும் பொடிப் புள்ளிகளாகத் தூவியிருந்தால், கொத்தாகியிருப்பது இரைச்சல்.

சின்னப் புள்ளி ஏன் காணாமல் போகிறது

ஒரு வண்ணப் படத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளின் மேல் ஒரு பச்சை இலை, இலையில் நோயால் வந்த பழுப்புப் புள்ளிகள். தாள், இலை, புள்ளி என்று மூன்று பொருள்கள் என்பதால் k = 3 என்று கொடுக்கிறோம். வரும் விடையில் பெரும்பாலும் தாள் ஒரு கொத்து, இலையின் வெளிச்சமான பாதி ஒரு கொத்து, மங்கலான பாதி ஒரு கொத்து. புள்ளிகள் மங்கலான பச்சையோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

தொடக்கம் சரியாக இருந்தும் இது நடக்கும். ஏனென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கூட்டங்களை ஒரே கொத்தாக்கினால் மொத்தப் பிழை எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு நேரான சூத்திரம் உண்டு. கூட்டங்களில் n₁, n₂ பிக்சல்கள், மையங்களுக்கு நடுவே தூரம் d என்றால்:

n₁ × n₂ ÷ (n₁ + n₂) × d²

நூறு பிக்சலில் தாள் 58, வெளிச்சப் பச்சை 20, மங்கல் பச்சை 20, புள்ளி 2 என்று வைப்போம். இரண்டு பச்சைக்கும் தூரம் 20. புள்ளி இரண்டு பச்சையிலிருந்தும் அதைவிட இரு மடங்குக்கும் மேல் தள்ளி, 41இல் இருக்கிறது. நாம் விரும்பும் பிரிவினையில் இரண்டு பச்சையையும் சேர்க்க வேண்டும்: 20 × 20 ÷ 40 × 400 = 4,000 கூடுகிறது. நாம் விரும்பாத பிரிவினையில் புள்ளி மங்கல் பச்சையோடு சேர்கிறது: 20 × 2 ÷ 22 × 1,681, அதாவது சுமார் 3,056. குறைவான பிழையைத் தேடும் கே-மீன்ஸ் புள்ளியைத்தான் கைவிடும். அதன் அளவுகோலின்படி அதுவே சரி. பிக்சல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் ஒரு பொருள், நிறத்தால் எவ்வளவு தனித்திருந்தாலும் தோற்றுப்போகலாம்.

இதற்கு நான் முதலில் செய்வது k-யைப் பொருள்களின் எண்ணிக்கையைவிடக் கூட்டி வைப்பது. மேலே உள்ள கணக்கில் k = 4 கொடுத்தால் நான்கு கூட்டமும் தனித்தனியாக வந்துவிடும். பிறகு இரண்டு பச்சைக் கொத்துகளையும் ஒன்றாக நாமே இணைத்துக்கொள்ளலாம். பிரிந்துவிட்ட கொத்துகளை இணைப்பது ஒரு வரி வேலை. சேர்ந்துவிட்டதைப் பிரிப்பது அவ்வளவு சுலபமல்ல. ஆனால் k = 4இலும் தொடக்கங்களைத் தாராளமாக வையுங்கள். இரண்டே பிக்சல் உள்ள கூட்டத்தின் தூர வர்க்கத்தோடு, 58 பிக்சல் தாளின் இரைச்சலும் போட்டிக்கு வரும், அதனால் முதல் ஓட்டத்திலேயே புள்ளியில் ஒரு மையம் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. தாளை முதலில் ஒரு k = 2 ஓட்டத்தில் வெட்டிவிட்டு, இலைப் பிக்சல்களில் மட்டும் மறுபடி ஓட்டினால் இந்தப் போட்டியே பெருமளவு குறைந்துவிடும்.

இன்னொரு வழி, வெளிச்சத்தைக் கணக்கிலிருந்து குறைப்பது. இரண்டு பச்சையையும் பிரித்தது நிறமல்ல, வெளிச்சம். மேலே உள்ள நிரலில் படத்தை லேப் நிறவெளிக்கு மாற்றியதற்கு இதுவே காரணம்: அங்கே முதல் எண் வெளிச்சம், மற்ற இரண்டும் நிறம். ஓபன்சிவியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 8-பிட் படத்தில் 0 முதல் 100 வரை இருக்க வேண்டிய வெளிச்சத்தை அது 0 முதல் 255 வரை நீட்டிவிடுகிறது, நிற எண்களை நீட்டுவதில்லை. அதனால் வெளிச்ச வேறுபாடு 2.55 மடங்காகவும், வர்க்கத்தில் ஆறரை மடங்காகவும் பெருகி, நிழலைப் பார்த்தே கொத்து பிரியத் தொடங்கும். `data[:, 0] *= 100 / 255` என்று ஒரு வரி சேர்த்தால் சமமாகும். நிழல் இன்னும் தொல்லை தந்தால் வெளிச்சத்துக்கு மேலும் குறைந்த எடை கொடுக்கலாம், அல்லது நிற எண்களை மட்டும் வைத்து ஓட்டலாம். முழுக்க எடுத்துவிடும்போது கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றும் ஒன்றாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இலைப் படத்தில் அது பெரிய இடைஞ்சல் இல்லை, எழுத்துள்ள தாளின் படத்தில் எல்லாமே அழிந்துபோகும்.

கொத்து எண்களை நம்பி மேற்கொண்டு நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க ஒன்று: 0 என்ற கொத்து இந்த ஓட்டத்தில் தாளாக இருக்கலாம், அடுத்த ஓட்டத்தில் புள்ளியாக இருக்கலாம். எண் வரிசை தொடக்கத்தைப் பொறுத்து மாறும். மையங்களை வெளிச்ச அளவின்படி வரிசைப்படுத்தி, எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொண்டால் எல்லாப் படத்திலும் ஒரே ஒழுங்கு கிடைக்கும்.

பிக்சல் எங்கே இருக்கிறது என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை. இலையின் இரண்டு முனைகளில் உள்ள இரண்டு புள்ளிகளும் ஒரே கொத்துதான். இலைக்கு வெளியே தாளில் ஒட்டியிருக்கும் பழுப்புத் தூசியும் அதே கொத்துதான். புள்ளிகளை எண்ண வேண்டுமானால், புள்ளிக் கொத்தை மட்டும் தனியே எடுத்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பிக்சல்களை `cv2.connectedComponents` கொண்டு தனித்தனித் தீவுகளாக்கி, இலையின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றையும் ஒன்றிரண்டு பிக்சல் அளவே உள்ளவற்றையும் நீக்கிவிட்டு எண்ண வேண்டும்.